சரியான கடவுச்சொல்லுக்குப் பிறகும் அதே உள்நுழைவுப் பக்கம்: கேள்வி பதில்

கேள்வி: கடவுச்சொல் சரிதான். தவறு என்று எந்தச் செய்தியும் வருவதில்லை. ஆனாலும் பக்கம் ஒரு நொடி மின்னிவிட்டு மறுபடி அதே கட்டங்களுடன் வந்து நிற்கிறது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். கடவுச்சொல் தவறாக இருந்தால் பெரும்பாலான தளங்கள் அதைச் சொல்லிவிடும். எதுவும் சொல்லாமல் திருப்பி அனுப்புகிறது என்றால், சர்வர் உங்கள் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது, ஆனால் அடுத்த நொடியில் வந்தவர் நீங்கள்தான் என்று அதற்குத் தெரியவில்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். கடவுச்சொல்லை ஏற்றதும் சர்வர் குக்கி வடிவில் ஓர் அடையாளத்தை உலாவியிடம் கொடுக்கிறது. அதன்பின் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் உலாவி அதைத் திருப்பிக் காட்ட வேண்டும். அரங்கின் வாசலில் நுழைவுச்சீட்டைக் கொடுக்கிறார்கள், உள்கதவில் நிற்பவருக்கு அதைக் காட்ட முடியவில்லை, ஆகவே அவர் மறுபடி வாசலுக்கே அனுப்புகிறார் என்பது போன்ற நிலை இது. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் உள்கதவில் நிலைமை மாறாது. திரும்பத் திரும்ப முயன்றால் சில தளங்கள் கணக்கையே தற்காலிகமாகப் பூட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து அதில் உள்நுழைந்து பாருங்கள். அந்தச் சாளரம் பழைய குக்கி எதுவும் இல்லாமல் தொடங்கும். நீட்டிப்புகளும் பெரும்பாலும் அதில் இயங்குவதில்லை. அங்கே உள்ளே போக முடிந்தால் கோளாறு உங்கள் உலாவியில் சேர்ந்திருப்பதில் இருக்கிறது. அங்கேயும் சுற்றினால் தளத்தின் பக்கமோ, குக்கியையே தடுக்கும் ஓர் அமைப்பிலோ தேட வேண்டும்.

கேள்வி: கேஷை அழித்தேன், கணினியையும் அணைத்துப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. வேறு என்ன செய்வது?

பதில்: கேஷும் குக்கியும் வேறு வேறு. கேஷில் இருப்பவை படங்கள், எழுத்துருக்கள், பக்கத்தின் நிரல்கள் போன்றவை. உங்களை அடையாளம் காட்டுவது குக்கி. அழிக்கும் பெட்டியில் இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்கும், நீங்கள் அநேகமாக முதலாவதை மட்டும் அழித்திருக்கிறீர்கள். கேஷினாலும் இந்தச் சுழல் வருவதுண்டு: தளம் முன்பு ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டிருந்தால், அந்தத் திருப்பலை உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, தளம் மாறிய பிறகும் பழைய வழியிலேயே போகும். ஆனால் அது குக்கிச் சிக்கலைவிட அரிது.

அந்த ஒரு தளத்தின் குக்கியை மட்டும் நீக்கினால் போதும். குரோமில் அந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு `F12` அழுத்தி, `Application` என்ற தாவலில் `Cookies` என்பதன் கீழ் உள்ள தளத்தின் பெயரில் வலச்சொடுக்கி `Clear` கொடுங்கள். ஃபயர்பாக்ஸில் அதே இடம் `Storage` என்ற தாவல். பிறகு உள்நுழைவுப் பக்கத்தின் பழைய புத்தகக்குறியைத் தொடாமல், தளத்தின் முகவரியைக் கையால் தட்டச்சு செய்து திறக்க வேண்டும். `www` உள்ள முகவரியில் வாங்கிய குக்கி, `www` இல்லாத முகவரிக்குப் போகாதபடி பல தளங்களில் அமைந்திருக்கும். புத்தகக்குறி ஒன்றும் தளம் திருப்புவது மற்றொன்றும் ஆனால் அதுவே ஒரு சுழல்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடுவேன், எனக்கு எப்போதும் சரியாகிவிடுகிறது.

பதில்: சரியாகும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதோடு எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். "இந்தக் கருவியை நம்பு" என்று நீங்கள் ஒப்புதல் கொடுத்த இடங்களில் அந்த ஒப்புதலும் பெரும்பாலும் குக்கியில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாம் கட்டக் குறியீட்டை மறுபடி கேட்பார்கள். அந்தக் குறியீடு வரும் கைப்பேசி கையில் இல்லாத நேரத்தில் இதைச் செய்தால், ஒரு கதவைத் திறக்கப்போய் பத்துக் கதவுகளைப் பூட்டிக்கொண்டவர் ஆவீர்கள். இன்னொன்று, மொத்தமாக அழித்தால் எது தவறாக இருந்தது என்ற தடயமும் போய்விடும்.

கேள்வி: நான் நிரலர். எங்கள் தளத்தில் குக்கியின் `Path` மதிப்பை `/app` என்பதிலிருந்து `/` என்று மாற்றினோம். அன்றிலிருந்து பழைய பயனர்களில் சிலருக்கு மட்டும் சுற்றுகிறது, புதியவர்களுக்கு இல்லை. குக்கியை அழித்தால் சரியாகிறது. ஏன்?

பதில்: ஏனென்றால் பெயர் ஒன்றாக இருந்தாலும் `Path` வேறானால் உலாவிக்கு அவை இரண்டு குக்கிகள். புதியது பழையதன் மேல் எழுதப்படுவதில்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பழைய பயனர் `/app/home` பக்கத்தைக் கேட்கும்போது உலாவி இரண்டையும் அனுப்பும். நீளமான `Path` உள்ளதை முன்னால் வைக்கும்:

```
Cookie: sid=9f2c; sid=71ab
```

`9f2c` என்பது காலாவதியான பழைய அமர்வு, `71ab` என்பது இப்போது கடவுச்சொல் கொடுத்துப் பெற்றது. உங்கள் சர்வர் முதலாவதை எடுத்துக்கொள்கிறது, அந்த அமர்வு செல்லாது என்று பார்க்கிறது, உள்நுழைவுக்கே அனுப்புகிறது. அந்தப் பயனர் எத்தனை முறை நுழைந்தாலும் புதுப்பிக்கப்படுவது இரண்டாவது மட்டுமே. உலாவியை மூடினால் போய்விடும் வகைக் குக்கியாக இருந்தாலும், விட்ட இடத்திலிருந்து தாவல்களைத் திறக்கும் அமைப்பு வைத்திருப்பவர்களிடம் அது தங்கிவிடலாம்; சிலருக்கு மட்டும் நீடிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். பயனர்களிடம் அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்காமல், உள்நுழைவுப் பதிலோடு பழையதை நீங்களே நீக்குங்கள்:

```
Set-Cookie: sid=; Path=/app; Max-Age=0
```

பழைய குக்கிக்கு `Domain` கொடுத்திருந்தால் இந்த வரியிலும் அதே மதிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அது நீங்காது. புதிய குக்கிக்கு வேறு பெயர் வைப்பது இன்னும் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

கேள்வி: எனக்கும் இதே தொல்லைதான், உபுண்டு கணினியைத் திறக்கும்போதே. எந்த உலாவியின் குக்கியை அழிக்க வேண்டும்?

பதில்: உங்களுடையது வேறு. கணினியின் சொந்த உள்நுழைவுத் திரை சுற்றுவதற்கும் உலாவிக்கும் தொடர்பில்லை. அந்தத் திரையில் `Ctrl+Alt+F3` அழுத்தி, எழுத்துத் திரையில் உள்நுழைந்து, இவற்றைப் பாருங்கள்:

```
df -h
ls -l ~/.Xauthority
```

வட்டு நிரம்பியிருந்தால் வேண்டாத கோப்புகளை நீக்கி இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கோப்பின் உரிமையாளர் `root` என்று காட்டினால் `sudo chown $USER:$USER ~/.Xauthority` கொடுத்து உரிமையை உங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குக்கியை அழித்தால் சரியாகிறது, சில நாட்களில் மறுபடி வந்துவிடுகிறது. அலுவலகக் கணினியில் மட்டும்தான். என்ன காரணம்?

பதில்: இந்த விவரத்தை வைத்து ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. ஒரு நீட்டிப்பு இருக்கலாம். அலுவலகம் விதித்த குக்கிக் கட்டுப்பாடு இருக்கலாம். உள்நுழைவு வேறொரு தளத்தின் வழியாக நடந்து, பிற தளக் குக்கிகள் தடுக்கப்பட்டிருக்கலாம். அல்லது மேலே நிரலர் சொன்னதே உங்கள் தளத்திலும் நடக்கலாம். அடுத்த முறை வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். குரோமில் `F12` அழுத்தி `Network` தாவலில் `Preserve log` என்பதைத் தேர்ந்துகொண்டு உள்நுழையுங்கள். கடவுச்சொல் போன வரியைத் திறந்து, பதிலில் `Set-Cookie` வந்திருக்கிறதா, அதன் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இருந்தால் உலாவி அதை ஏற்க மறுத்துவிட்டது. சுட்டியை அதன்மேல் வைத்தால் காரணம் தெரியும். குறி இல்லாமல், அடுத்த வரியின் `Cookie` பகுதியில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது தெரிந்ததோ அதை எழுதி அனுப்புங்கள். அந்த வரிகளில் இருக்கும் குக்கியின் மதிப்பை மட்டும் மறைத்துவிடுங்கள். அது கிடைத்தவர் உங்கள் கடவுச்சொல் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும்.