பதிவுக்குச் சம்மதித்தவர் சுருக்கத்துக்கும் சம்மதித்தாரா?

கேள்வி: எங்கள் அலுவலகக் காணொளிக் கூட்டத்தைப் பதிவுசெய்தோம். வெளியாட்கள் இருவரும் கலந்துகொண்டார்கள். தானாக உருவான சுருக்கத்தை யாருக்கெல்லாம் அனுப்பலாம்? அவர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டுமா?

நான் வழக்கறிஞன் அல்லன். கோத்தகிரிப் பக்கத்தில் சிறு தேயிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவின் செயலாளர், அவ்வளவுதான். சட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பதில்தான் நான் ஒருமுறை நன்றாக வழுக்கி விழுந்தேன் என்பதால், பதில் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

எங்கள் ஆர்த்தடாக்ஸ் தேயிலையை நேரடியாக வாங்க ஜெர்மனியிலிருந்து ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. அதன் பிரதிநிதி ஒருவர், பூச்சிமருந்து எச்சப் பரிசோதனையில் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் கோயம்புத்தூர் அம்மையார் ஒருவர், எங்கள் நிர்வாகிகள் ஏழு பேர் என ஜூமில் கூடினோம். 'இந்தக் கூட்டம் பதிவுசெய்யப்படுகிறது' என்ற அறிவிப்பு திரையில் வந்தது. எல்லோரும் ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் வெளியாட்கள் இருவரும் விடைபெற்றார்கள். நாங்கள் பதிவை நிறுத்தாமல் அப்படியே பேச்சைத் தொடர்ந்தோம். கிலோவுக்கு 420 ரூபாய் கேட்பது, வேறு வழியில்லை என்றால் 360 வரை இறங்குவது என்று முடிவானது அந்தக் கடைசி இருபத்தைந்து நிமிடங்களில்தான்.

கூட்டம் முடிந்த சிறிது நேரத்தில் சுருக்கம் மின்னஞ்சலில் வந்தது. எனக்கு மட்டுமல்ல, அழைக்கப்பட்ட அனைவருக்கும். ஜூமில் சுருக்கத்தை யாருக்கு அனுப்புவது என்று ஒரு அமைப்பு உண்டு: நடத்துநருக்கு மட்டும், அவருடன் இணை நடத்துநர்களுக்கும், நம் நிறுவனத்துக்குள் அழைக்கப்பட்டவர்களுக்கு, வெளியாட்கள் உட்பட அழைக்கப்பட்ட அனைவருக்கும் எனப் படிப்படியாக அது விரிகிறது. எங்கள் கணக்கில் கடைசி வகை தேர்வாகி இருந்ததை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பட்டியலின் அளவுகோல் அழைப்புதானே ஒழிய, எவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அல்ல. நாற்பதாவது நிமிடத்தில் கிளம்பியவருக்கு அறுபத்தைந்தாவது நிமிடத்துப் பேச்சும் போய்ச் சேர்கிறது. அழைக்கப்பட்டும் வராமலே இருந்தவருக்கும்கூடப் போகிறது.

ஜெர்மன் பிரதிநிதி மறுநாளே, தமக்கு உரியதல்லாத பகுதி வந்திருப்பதாகவும் அதை அழித்துவிட்டதாகவும் நாகரிகமாக எழுதினார். விலை 365-இல் படிந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

இதைவிட மோசமானது மற்றொன்று. ஆலோசகர் அம்மையார் கூட்டத்தில், ஒரு மாதிரியில் எச்சம் வரம்பை நெருங்கி இருக்கலாம், மறுபரிசோதனைக்குப் பிறகே உறுதியாகச் சொல்ல முடியும் என்று நிதானமாகத்தான் சொன்னார். சுருக்கத்தில் அது 'ஒரு மாதிரியில் எச்சம் வரம்பை மீறியது' என்று, அவர் பெயரோடு, தீர்ப்பைப் போல் நின்றது. எங்களில் ஒருவர் அதை அறுபத்துச் சொச்சம் விவசாயிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அது யாருடைய தோட்டத்து இலை என்று அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கூட்டத்திலேயே இல்லாத அந்த விவசாயியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மையார் தொலைபேசியில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சார், நான் பேசினதைப் பதிவு பண்ணிக்கோங்கன்னுதான் சொன்னேன். என் பேர்ல அறிக்கை விடுங்கன்னு சொல்லலை."

நீங்கள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியதும் இதுதான். பதிவு என்பது நடந்த பேச்சின் நகல். சுருக்கம் என்பது அந்தப் பேச்சைப் பற்றிய புதிய ஓர் ஆவணம். 'இருக்கலாம்', 'பார்த்துச் சொல்கிறேன்' போன்ற சொற்கள் முதலில் உதிர்ந்துவிடுவதால், பேசியவர் சொல்லாத உறுதி அதில் ஏறிக்கொள்கிறது. நமது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்கு என்று தெரிவித்து வாங்கும் குறிப்பான ஒப்புதலைத்தான் ஒப்புதல் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே 'இன்னும் எதுவும் கட்டாயமில்லையே' என்று வாதிட வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: எதிர்முனையில் இருப்பவரின் நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பொதுவெளியில் பேசப்படாத பேச்சை அனுமதியின்றிப் பதிவுசெய்வதே குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுச் சிறைவரை போகக்கூடிய குற்றம்.

அதே சமயம், எல்லாவற்றையும் ஒப்புதல் என்ற ஒரே பையில் போடவும் கூடாது. 360 ரூபாய் என்பது எவருடைய தனிநபர் தரவும் அல்ல. அது எங்கள் குழுவின் இரகசியம், அதை வெளியே விடுவதும் விடாததும் எங்கள் முடிவு. அம்மையாரின் பெயரும் கருத்தும், அந்த விவசாயியின் தோட்டம் பற்றிய செய்தியும் வேறு வகை. அவை நாங்கள் மட்டும் முடிவுசெய்யக் கூடியவை அல்ல. ஒரு சுருக்கத்தை எடுத்துக்கொண்டு வரிவரியாக, 'இது யாருடைய செய்தி?' என்று கேட்டுப் பார்த்தால், யார் பார்க்கலாம் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

இப்போது எங்கள் வழக்கம் மிகவும் எளிது. அமைப்பு 'நடத்துநருக்கு மட்டும்' என்பதில் இருக்கிறது. அழைப்பிலேயே, பதிவு உண்டு, சுருக்கம் எழுதப்படும், இன்னின்னார் பார்ப்பார்கள் என்று மூன்று வரி போகிறது. கூட்டத் தொடக்கத்தில் தலைவர் அதையே வாய்விட்டுச் சொல்லி, வேண்டாம் என்பவர் இருந்தால் பதிவே செய்வதில்லை. வெளியாட்கள் கிளம்பியதும் அந்தக் கூட்டத்தை முடித்துவிட்டு வேறு இணைப்பில் கூடுகிறோம். பதிவை இடைநிறுத்தினால் போதாதா என்று கேட்பார்கள். சுருக்கம் பதிவைச் சாராமல் தனியாக ஓடிக்கொண்டிருக்கக் கூடும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. வெளியாளின் கூற்று இருக்கும் பகுதியை மட்டும் அவருக்கு அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் தந்து, அவர் திருத்திய பிறகே உறுப்பினர்களிடம் தருகிறோம். கூட்டத்தில் இல்லாதவரின் பெயர் வந்தால் 'ஒரு தோட்டம்' என்றாகிவிடும். ஒரு கூட்டத்துக்குச் சுமார் அரை மணி நேரம் கூடுதல் வேலை. அலுப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

உங்கள் கூட்டமோ நடந்து முடிந்துவிட்டது. எனவே இன்றே, சுருக்கம் ஏற்கனவே தானாக யாருக்கேனும் போயிருக்கிறதா என்று உங்கள் மின்னஞ்சலில் பெறுநர் பட்டியலைப் பாருங்கள். போகவில்லை என்றால் வெளியாட்கள் இருவருக்கும், பதிவுக்கு நீங்கள் சம்மதித்தீர்கள், சுருக்கத்தை எங்கள் அலுவலகத்தில் இன்னாருக்குத் தர விரும்புகிறோம், உங்கள் பகுதி இது, ஆட்சேபம் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், அவர்கள் பேசியதை நீக்கிவிட்டு உங்கள் ஆட்களின் முடிவுகளையும் பணிகளையும் மட்டும் கொண்ட ஒரு வடிவத்தை உள்ளே சுற்றுக்கு விடலாம். எதை அனுப்பினாலும் கோப்பாக இணைக்காமல், பகிர்வு இணைப்பாகவே அனுப்புங்கள். பிறகு ஒருவர் மனம் மாறினால் இணைப்பைத் துண்டிக்க முடியும், அதற்குள் யாரேனும் படம்பிடித்து வைத்திருந்தால் அதற்கு மட்டும் வழியில்லை.