வேலை மாற்ற முயற்சியில் தொடர்ந்து நிராகரிப்பு: எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்தேன்

கேள்வி: ஐந்து வருடமாக அக்கவுன்ட்ஸ் வேலையில் இருக்கிறேன். டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும் என்று படித்து, நான்கு மாதமாக விண்ணப்பிக்கிறேன். 25 கம்பெனிக்கு மேல் போட்டாயிற்று, ஒன்றும் அமையவில்லை. நமக்கு இது சரிப்பட்டு வராதோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. எப்படிச் சமாளிப்பது?

பதில்:

நானும் அதே பாதையில் வந்தவள். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு வருடம் அக்கவுன்ட்ஸ் பார்த்துவிட்டு, டேட்டா பக்கம் மாறினேன். 42 இடத்துக்கு விண்ணப்பித்து, 42-வதில்தான் வேலை கிடைத்தது. அந்த ஏழு மாதத்தில் எனக்கு உண்மையில் உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதைப் பற்றியே சொல்கிறேன்.

முதல் 22 விண்ணப்பம் வரை நானும் உங்களைப் போலத்தான் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் 'நீ லாயக்கில்லை' என்று சொல்வதாகவே பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எது எது எந்த இடத்தில் நின்றது என்று எழுதினேன். 22-ல் 20 இடத்திலிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை. இரண்டு பேர் பேசினார்கள், அதுவும் முதல் ஃபோனோடு சரி. அதாவது எனக்கு எஸ்.கியூ.எல். தெரியுமா தெரியாதா என்று அதுவரை ஒருவரும் சோதிக்கவே இல்லை. நிராகரிக்கப்பட்டது என் ரெஸ்யூமேதான்.

அதை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. மேலே பெரிதாக 'சீனியர் அக்கவுன்டன்ட்'. அடுத்து டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். கடைசி வரியில்தான் எஸ்.கியூ.எல்., பவர் பி.ஐ. வேலைவாய்ப்புத் தளங்களில் ஆள் தேடுபவர்கள் முதலில் பதவிப் பெயரையும் திறன்களையும் வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். என்னைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஓர் அக்கவுன்டன்ட்தான் தெரிந்திருப்பார். போதாக்குறைக்கு, பயிற்சி வகுப்பில் எல்லோரும் செய்யும் டைட்டானிக் பயணிகள் பட்டியலையே நானும் ப்ராஜெக்ட் என்று போட்டிருந்தேன்.

மாற்றி எழுதினேன். நான் வாராவாரம் செய்துகொண்டிருந்த ஒரு வேலை இருந்தது: சுமார் 180 வாடிக்கையாளர்களின் நிலுவைத் தொகையை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்து, யாரிடம் பணம் தேங்குகிறது என்று முதலாளிக்குக் காட்டுவது. அது டேட்டா அனலிஸ்ட் வேலைதான், நான் அந்தப் பெயரில் அதை அழைத்ததில்லை. அதை ரெஸ்யூமேயின் முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். அதே ரிப்போர்ட்டை, கற்பனையாக உருவாக்கிய பெயர்களும் தொகைகளும் வைத்து பவர் பி.ஐ.யில் செய்து ப்ராஜெக்ட்டாக வைத்தேன். (ஆபீஸ் ஃபைலை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது தப்பு, நேர்காணல் எடுப்பவரும் கவனிப்பார்.) அதன்பின் விண்ணப்பித்த 20-ல் எட்டு ஃபோன் வந்தது. அவற்றில் ஒன்று, என் நோட்டீஸ் காலம் 60 நாள் என்றதும் முடிந்தது. ஏழு இடத்தில் டெக்னிக்கல் ரவுண்டுக்குப் போனேன்.

அங்கே அடுத்த சுவர். நான்கு இடத்தில் தோற்ற பிறகு நோட்டைப் புரட்டினால், அதில் மூன்று இடத்தில் ஒரே கேள்வி வேறு வேறு வேஷத்தில் வந்திருந்தது. 'எல்லா வாடிக்கையாளர்களையும் காட்டு, மார்ச் மாத விற்பனையோடு. அந்த மாதம் எதுவும் வாங்காதவர்கள் பட்டியலிலிருந்து விடுபடக்கூடாது.' நான் மூன்று முறையும் இப்படித்தான் எழுதினேன்:

```sql
SELECT c.name, SUM(i.amount)
FROM customers c
LEFT JOIN invoices i ON i.customer_id = c.id
WHERE i.bill_date BETWEEN '2023-03-01' AND '2023-03-31'
GROUP BY c.id, c.name;
```

பார்க்கச் சரியாக இருக்கும், ஓடவும் செய்யும். ஆனால் மார்ச்சில் பில் இல்லாதவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள். பில்லே இல்லாதவருக்கு `bill_date` காலியாக, `NULL` ஆக வரும். `WHERE` அந்த வரியைத் தூக்கிவிடும். பிப்ரவரியில் மட்டும் வாங்கியவரும் அதே வடிகட்டலில் போய்விடுவார். தேதி நிபந்தனையை `ON` வரிக்கு மாற்றினால் எல்லோரும் நிற்பார்கள்:

```sql
LEFT JOIN invoices i ON i.customer_id = c.id
  AND i.bill_date BETWEEN '2023-03-01' AND '2023-03-31'
```

இதோடு `COALESCE(SUM(i.amount), 0)` போட்டால் காலிக்குப் பதில் பூஜ்யம் வரும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை என் மனதில் இருந்த வாக்கியம் 'எனக்கு டெக்னிக்கல் வராது'. நோட்டில் இருந்த வாக்கியம் '`ON`-க்கும் `WHERE`-க்கும் வித்தியாசம் தெரியவில்லை'. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். இரண்டாவதை ஒரு சாயங்காலத்தில் சரிசெய்துவிடலாம். சரிசெய்தேன். ஐந்தாவது இடத்தில் வேறொரு கேள்வியில் தோற்றேன், அதையும் எழுதிக்கொண்டேன். ஆறாவதிலும் ஏழாவதிலும் கடைசி ரவுண்டு வரை போனேன்.

கேட்ட கேள்விகளை அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துபோகும். பதில் தேடுவதை மட்டும் அன்று செய்யாதீர்கள், மனசு நொந்திருக்கும். நான் மறுநாள் காலை ஆபீஸ் கிளம்புமுன் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். 'ஏன் தேர்வு செய்யவில்லை' என்று எச்.ஆருக்கு மெயில் போட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. அதைவிட, நேர்காணல் முடிந்து எழுந்திருக்கும் முன் 'நான் எதில் இன்னும் பலமாக வேண்டும் சார்?' என்று எதிரில் இருப்பவரிடமே கேளுங்கள். வேலைக்கு எடுக்காவிட்டாலும் அப்போது ஒரு வார்த்தை சொல்வார்கள். `ON` விஷயத்தை எனக்குச் சுட்டிக்காட்டியவர் அப்படித்தான் கிடைத்தார்.

ஆறாவது இடத்து நிராகரிப்புதான் ரொம்ப வலித்தது. கடைசி ரவுண்டு, நன்றாகப் பேசினார்கள், சம்பளம்கூடக் கேட்டார்கள், அப்புறம் சத்தமே இல்லை. அந்த வரியில் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். உள்ளேயே ஆள் இருந்திருக்கலாம், பட்ஜெட் நின்றிருக்கலாம். தெரியாத காரணத்துக்கு என் குறையை இட்டு நிரப்பக்கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

திசை மாறும் ஆசை நடுவில் எனக்கும் வந்தது. ஒரு நாள் பைத்தான் கோர்ஸ், இன்னொரு நாள் டிஜிட்டல் மார்க்கெட்டிங், வீட்டில் வங்கித் தேர்வு. அதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: ஒரு குறையைத் திருத்திய பிறகு இன்னும் 20 விண்ணப்பம் போடுவது, அப்போதும் அதே இடத்தில் நின்றால் மட்டும் பாதையை மாற்ற யோசிப்பது. ஒரு நிராகரிப்பு வந்த வாரத்தில் எந்தப் பெரிய முடிவும் கிடையாது. பழைய வேலையையும் விடவில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் 20 வரை காத்திருக்க முடிந்தது.

ஏழாவது இடம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். நிலுவைத் தொகையை வயது வாரியாகப் பிரிப்பது பற்றியே முக்கால் மணி நேரம் பேசினோம். அவர்களுக்குத் தேவைப்பட்டது அக்கவுன்ட்ஸ் புரிந்த அனலிஸ்ட். எனவே நீங்களும் வெறும் 'டேட்டா அனலிஸ்ட்' என்று தேடாமல், எம்.ஐ.எஸ்., ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங், வசூல் நிலுவை சம்பந்தப்பட்ட அனலிஸ்ட் இடங்களையும் தேடிப் பாருங்கள். அங்கே உங்கள் ஐந்து வருடம் ரெஸ்யூமேயின் மேல் வரியில் வரும்.

உங்கள் 25-ல் எத்தனை ஃபோன் வந்தது, எத்தனை டெக்னிக்கல் ரவுண்டு வரை போனது என்று எழுதுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்று அதை வைத்துச் சேர்ந்து பார்க்கலாம்.