தலைகீழாகப் போவது கெபாசிட்டர் மட்டும்தான்

கேள்வி: பாலிடெக்னிக் முதல் வருஷம். கெபாசிட்டரையும் இன்டக்டரையும் சீரிஸ், பேரலல்ல சேர்க்கும்போது ஏன் ரெசிஸ்டருக்குத் தலைகீழா கணக்கு வருது? எவ்வளவு மனப்பாடம் பண்ணாலும் பரீட்சையில மாத்தி எழுதிடுறேன்.

மனப்பாடம் பண்ணுவதால்தான் மாறிப்போகிறது. எனக்கும் அப்படித்தான் மாறியது, ஆனால் பரீட்சைத் தாளில் இல்லை, பெரியம்மா வீட்டுக் கூரையில்.

முதலில் ஒரு திருத்தம். இன்டக்டர் தலைகீழ் இல்லை. அது ரெசிஸ்டர் போலவேதான்: சீரிஸில் கூட்டல், பேரலலில் குறையும். கெபாசிட்டர் ஒன்றுதான் எதிர்ப்பக்கம் போகும். உங்களுக்கு யாரோ "ரெண்டுமே உல்ட்டா" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வகுப்பிலும் ஒருவர் அப்படித்தான் வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

சரி, கதைக்கு வருகிறேன். தோ பாயோவில் பெரியம்மாவின் வீவக வீடு. ஹாலில் இருந்த சீலிங் ஃபேன் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே வந்தது. நான் அப்போது இரண்டாம் வருஷம். கழற்றிப் பார்த்தேன், கெபாசிட்டரில் 3 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருந்தது, மீட்டரில் 1.9 காட்டியது. (லைசன்ஸ் இல்லாமல் ஏன் தொட்டாய் என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: மெயின் பெட்டியில் இறக்கிவிட்டுத்தான் தொட்டேன், ஆனாலும் அது சரியென்று நான் சொல்லவில்லை, நீங்கள் செய்யாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.) சிம் லிம் டவரில் நான் போன கடையில் அன்று 3 இல்லை. 1.5-ல் இரண்டு தருகிறேன் என்றார் கடைக்காரர். ஒன்றரையும் ஒன்றரையும் மூன்று, வேறென்ன வேண்டும் என்று வாங்கி வந்து, ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டி, சீரிஸில் போட்டுவிட்டேன். ரெசிஸ்டர் பழக்கம்.

சுவிட்சைப் போட்டால் ஃபேன் 'ம்ம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. பெரியப்பா துடைப்பக் கட்டையால் இறக்கையைத் தள்ளிவிட்டார், அப்புறம் பழையதைவிட மெதுவாகச் சுற்றியது. "இதுக்குத்தான் அவ்வளவு ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறாங்களாப்பா?" என்றார் பெரியம்மா. அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துவிட்டது.

மறுபடியும் மெயினை இறக்கி, இரண்டையும் டிஸ்சார்ஜ் செய்து, சேர்த்து அளந்தேன். 0.75. மூன்று வேண்டிய இடத்தில் முக்கால்! பேரலலில் மாற்றிக் கட்டியதும் 3 வந்தது, ஃபேன் ஓடியது. ஓடியதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ஏன் அப்படி என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். ரெசிஸ்டரின் எண் எதைச் சொல்கிறது? ஒரு ஆம்பியர் ஓட எத்தனை வோல்ட் கேட்கும் என்பதை: R = V/I. கெபாசிட்டரின் எண் சொல்வது வேறு. ஒரு வோல்ட் கொடுத்தால் எவ்வளவு சார்ஜ் வாங்கிக்கொள்ளும் என்பதை: C = Q/V. ஒன்றில் வோல்ட் மேலே இருக்கிறது, மற்றதில் கீழே. மொத்த விஷயமும் இதுதான்.

சீரிஸில் எது மாட்டினாலும் கூடுவது வோல்ட்தான், இது எல்லாப் பொருளுக்கும் பொது. இப்போது இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவிலிருக்கும் வயரைப் பாருங்கள். அது ஒரு தனித் தீவு. வெளியிலிருந்து ஒரு துளி சார்ஜும் அங்கே ஏற முடியாது, இங்கே இருப்பதுதான் ஒரு பிளேட்டிலிருந்து மறு பிளேட்டுக்கு நகரும். அதனால் இரண்டிலும் ஒரே அளவு Q. சப்ளை கொடுத்தது ஒரு Q மட்டும், ஆனால் அதற்கு இரண்டு கெபாசிட்டரின் வோல்ட்டையும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதே சார்ஜுக்கு இரட்டை வோல்ட் என்றால் Q/V பாதியாகிவிடும். 1.5 முக்காலானது இப்படித்தான். பேரலலில் இரண்டுக்கும் ஒரே வோல்ட், ஒவ்வொன்றும் தன் பங்குச் சார்ஜைத் தனித்தனியே வாங்கிக்கொள்கிறது, ஆகவே நேரடிக் கூட்டல்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஓமில் போட்டுப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் 1.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 1/(2πfC) கணக்குப்படி, ஏறக்குறைய 2,120 ஓம் எதிர்ப்புக் காட்டும். சீரிஸில் இரண்டு: 4,240. பேரலலில்: 1,060. பார்த்தீர்களா, ஓமில் எண்ணினால் ரெசிஸ்டர் விதியேதான், தலைகீழ் எதுவும் இல்லை. ஃபேனைச் சுற்றக் கிளப்பிவிடும் துணைச் சுருளுக்கு 1,060 ஓம் வழியாக மின்னோட்டம் போக வேண்டிய இடத்தில் நான் நாலு மடங்கு தடுப்பு வைத்திருந்தேன், முனகாமல் என்ன செய்யும்.

நடுவில் ஒரு புலம்பல், மன்னிக்கவும். அந்த வீடியோவில் சிரித்த அத்தனை பேரும் இன்றுவரை ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட் என்று தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவனாச்சே." மருத்துவம் படித்த கஸினிடம் இப்படி ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்பார்களா? ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்ததுகூட இல்லை. சரி, விடுங்கள்.

இன்டக்டருக்கு வருவோம். அதன் எண் சொல்வது, மின்னோட்டத்தை வினாடிக்கு ஒரு ஆம்பியர் வீதம் மாற்ற எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை. வோல்ட் மறுபடி மேலே வந்துவிட்டது, அதனால் ரெசிஸ்டர் போலவே சீரிஸில் கூடும். ஆனால் இதில் ஒரு குழி உண்டு, அதில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு விழுந்தேன். 1 மில்லிஹென்ரி காற்றுச் சுருள் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி வைத்து சீரிஸில் அளந்தால் 2 வரவில்லை, 2.3 காட்டியது. மீட்டரைத் திட்டினேன். ஒரு சுருளின் இரண்டு முனைகளையும் மாற்றி இணைத்ததும் 1.7 ஆனது. ஒன்றின் காந்தப்புலம் மற்றதற்குள் புகுந்து, ஒரு இணைப்பில் உதவுகிறது, மறு இணைப்பில் எதிர்க்கிறது. புத்தகம் இதை L1 + L2 ± 2M என்று எழுதும், M என்பது ஒரு சுருள் மற்றதை எவ்வளவு பாதிக்கிறது என்பதன் அளவு. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.6, அதை நாலால் வகுத்தால் M = 0.15. வெறும் L1 + L2 செல்லுபடியாவது சுருள்கள் ஒன்றையொன்று 'பார்க்காத'போது மட்டும்தான். தள்ளி வைத்தால் போதும், இடமில்லை என்றால் ஒன்றை மற்றதற்குச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள். நான் அப்படித் திருப்பியதும் மீட்டர் 2-க்கு வந்து நின்றது.