தீபாவளிக்கு முன் காலியாகும் கல்லா

"கோத்தகிரியில் ஸ்வீட்டும் துணியும் விற்கிறேன். தீபாவளிக்கு வியாபாரம் நன்றாக நடக்கும், ஆனால் அதற்கு முன்னால் கையில் காசே இருப்பதில்லை. என்ன செய்வது?"

கடன் கெடு எந்த வாரத்தில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8. ஈரோட்டில் 45 நாள் கடனுக்கு 3 லட்சத்துக்குத் துணி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 1-ல் எடுத்தால் அக்டோபர் 16-ல் கட்ட வேண்டும். நம்மூரில் எஸ்டேட் போனஸ் வந்த பிறகுதானே துணி நகரும்? அக்டோபர் 5-ல் எடுத்தால் கெடு நவம்பர் 19. விற்ற காசிலேயே கட்டிவிடலாம். டிசைன் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அப்புறம் ஸ்வீட். நெய், முந்திரிக்குக் கடைசிப் பத்து நாளில் பெரும்பாலும் ரொக்கம்தான். அதனால் தேயிலை ஃபேக்டரி ஆர்டருக்குப் பாதி அட்வான்ஸ் வாங்காமல் அடுப்பு மூட்டாதீர்கள். மீந்த துணி பொங்கலுக்குப் போகும், மீந்த ஸ்வீட் போகாது.