ஷிப்ட் நேரத்தை மாற்ற 21 நாள்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

கேள்வி: எங்கள் கம்பெனியில் 6–2, 2–10, 10–6 என்று ஷிப்ட். சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில், "திங்கள் முதல் 7–3, 3–11, 11–7" என்று போட்டுவிட்டார்கள். இப்படி திடீரென்று மாற்றலாமா? எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

நீங்கள் சொல்லும் மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சனிக்கிழமை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை மாற்ற முடியாது.

கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். இப்போது சங்கத்துக்கு மனுக்கள் எழுதித் தருகிறேன். இந்த விஷயத்தில் தொழிலாளிகள் பெரும்பாலும் இரண்டு வேறு மாற்றங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நிர்வாகமும் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைப்பதில்லை. அதனால் முதலில் அதைப் பிரித்துவிடுகிறேன்.

ஏற்கெனவே இருக்கும் ஷிப்டுகளுக்குள் ஓர் ஆளை மாற்றுவது ஒன்று. இந்த வாரம் ஏ ஷிப்டில் இருப்பவரை அடுத்த வாரம் சி ஷிப்டுக்குப் போடுவது இந்த வகை. ஷிப்டின் நேரத்தையே மாற்றுவது, புதிதாக ஒரு ஷிப்ட் தொடங்குவது, இருக்கும் ஷிப்டை நிறுத்துவது என்பது இன்னொன்று. 21 நாள் விதி இரண்டாவதற்குத்தான். உங்கள் கம்பெனியில் நடந்திருப்பது அதுதான்.

முன்பு இது 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9-ஏ பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 40-ஆம் பிரிவாக இருக்கிறது. வேலை நேரம், இடைவேளை, நிலையாணைக்கு, அதாவது கம்பெனியின் எழுத்துபூர்வமான வேலை விதிகளுக்கு, மாறாக ஷிப்ட் முறையைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் அதன் மூன்றாவது அட்டவணையில் வருகின்றன. அட்டவணையில் உள்ள எதை மாற்றுவதாக இருந்தாலும், பாதிக்கப்படும் தொழிலாளிகளுக்கு முறைப்படி அறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுத்து 21 நாள் முடியும் வரை மாற்றத்தை அமல்படுத்தக் கூடாது. மார்ச் 3 அன்று அறிவிப்பு வந்தால் 24 வரை பழைய நேரம்தான்.

இந்த 21 நாள் பஸ் பாஸை மாற்றிக்கொள்ளவும் பிள்ளையைப் பள்ளியில் விட வேறு ஏற்பாடு செய்யவும் மட்டும் கொடுத்த அவகாசம் இல்லை. நிர்வாகத்தோடு பேசவும், ஒத்துவராவிட்டால் தொழிலாளர் துறையில் தகராறு எழுப்பவும் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அது. சமரச அதிகாரி முன் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டால், தகராறில் உள்ள விஷயத்தில் தொழிலாளிக்குப் பாதகமாக நிலைமையை மாற்ற நிர்வாகத்துக்கு அனுமதி வேண்டும். சனிக்கிழமை சொல்லித் திங்கட்கிழமை மாற்றினால் உங்கள் கையிலிருந்து பறிபோவது இந்த வாய்ப்புதான். அறிவிப்பு இல்லாமல் செய்த மாற்றம் செல்லாது என்று இந்திய உணவுக் கழகத்தின் சிலிகுரி கிடங்குத் தொழிலாளிகள் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ஷிப்ட் பற்றிய வழக்கு இல்லை, கூலி கொடுக்கும் முறையை மாற்றியது பற்றியது. ஆனாலும் விதி ஒன்றுதான்.

விலக்குகளும் உண்டு. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படி மாற்றினால் 21 நாள் தேவையில்லை. புதிய சட்டத்தில் இன்னொரு விலக்கைச் சேர்த்திருக்கிறார்கள்: அவசர நிலைமையில், குறைதீர்க்கும் குழுவைக் கலந்தாலோசித்து ஷிப்டை மாற்றலாம். இனிமேல் நிர்வாகங்கள் இதைத்தான் அதிகம் சொல்லும் என்பது என் கணிப்பு. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும். தொழிலாளி தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஆகவே "அவசரம்" என்று எச்.ஆர். சொன்னால் இரண்டே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: என்ன அவசரம்? குழு எந்தத் தேதியில் கூடியது? குழுவே இல்லாத கம்பெனி இந்த விலக்கைக் கேட்க முடியாது.

இனி முதல் வகை. ஏ ஷிப்ட் ஆளை சி ஷிப்டுக்கு மாற்ற எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? இங்கே சட்டம் நம்மைக் கைவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஷிப்ட் ஓடும் இடத்தில் தொழிலாளியை ஒரு ஷிப்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம் என்று மாதிரி நிலையாணையே சொல்கிறது. இத்தனை நாள் முன்னால் என்று சொல்லவில்லை. டைம் ஆபீஸில் நான் அதிகம் பார்த்த சண்டை இதனால் வந்ததுதான். பி ஷிப்ட் முடித்து ராத்திரி பத்து மணிக்குப் பஞ்ச் அடிக்க வருகிறவரிடம், "நாளைக்குக் காலையில் ஏ ஷிப்டுக்கு வந்துடு, ஆள் இல்லை" என்று சூப்பர்வைசர் சொல்வார். நடுவில் எட்டு மணி நேரம். கம்பெனி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரம் வீதம் கழித்தால் ஐந்து மணி நேரம். அதற்குள் சாப்பிட்டு, தூங்கி, நாலரை மணிக்கு ஸ்டாப்பில் நிற்க வேண்டும். காலையில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கப் போகிறவரின் தூக்கம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு கட்டாயம். நம் தொழிற்சாலைச் சட்டம் அப்படி ஓர் இடைவெளியைச் சொன்னதே இல்லை.

இந்த ஓட்டையைச் சங்க ஒப்பந்தம் வழியாகத்தான் அடைக்க முடியும். அடுத்த ஊதிய ஒப்பந்தம் வரும்போது மூன்றைக் கேளுங்கள்: அடுத்த வார ஷிப்ட் பட்டியல் வியாழக்கிழமைக்குள் போர்டில் வர வேண்டும், சுழற்சி வார விடுமுறைக்குப் பிறகுதான் நடக்க வேண்டும், பட்டியல் வந்தபின் மாற்றுவதென்றால் தொழிலாளி சம்மதிக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது என்பதால், ஊதிய உயர்வை விட சுலபமாக ஒத்துக்கொள்வார்கள்.

சரி, திங்கட்கிழமை என்ன செய்வது? பழைய நேரத்துக்குத்தான் வருவேன் என்று ஆறு மணிக்குப் போய் நிற்காதீர்கள். கேட்டை மூடிவிட்டு ஆப்சென்ட் போட்டு, சார்ஜ் ஷீட்டும் தருவார்கள். ஒன்றும் சொல்லாமல் புதிய நேரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாலும், இரண்டு மாதம் கழித்து "எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் வந்தார்கள்" என்பார்கள். ஏழு மணிக்குப் போங்கள், அதே நாளில் ஒரு கடிதமும் கொடுங்கள்: "சட்டப்படியான 21 நாள் முன்னறிவிப்பு தராமல் ஷிப்ட் நேரம் மாற்றப்பட்டுள்ளது. எங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்தே புதிய நேரத்துக்கு வருகிறோம். பழைய நேரத்தையே தொடர வேண்டுகிறோம்." தனியாக எழுத வேண்டாம். இந்த மாதிரித் தகராறைச் சங்கமோ, கணிசமான தொழிலாளிகள் சேர்ந்தோதான் எழுப்ப முடியும். சங்கம் இல்லையென்றால் லைனில் இருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் செய்தியைத் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பிறகு அழித்துவிடுவார்கள். போர்டில் தொங்கும் பழைய வேலை நேர அறிவிப்பையும் போட்டோ எடுங்கள். பல கம்பெனிகளில் நேரத்தை மாற்றியபின்னும் அதை மாற்ற மறந்துவிடுவார்கள், உங்களுக்கு அதுவே சாட்சி. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இவற்றின் நகலோடு உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. மனுவில் சம்பளம், கேன்டீன், போனஸ் என்று எல்லாவற்றையும் சேர்க்காமல், ஷிப்ட் நேர மாற்றம் ஒன்றை மட்டும் எழுதுங்கள்.