வெங்காயத்தோல் சாயம் தோய்ச்சலுக்கு நிற்குமா?

"அக்கா, மருதனார்மடம் சந்தையில சின்ன வெங்காயத்தோல் சாக்குக் கணக்கில சும்மா கிடைக்குது. அதை அவிச்சுப் பருத்தித் துணிப்பைகளுக்கு நிறம் போட்டனான். நிறம் பிடிக்க உப்பும் வினாகிரியும் சேர்த்தனான். முதல்நாள் நல்ல வடிவான பொன்னிறம். ரெண்டு தோய்ப்போட வெளிறிட்டுது, கூடத் தோய்ச்ச வெள்ளைச் சட்டையிலயும் பட்டிட்டுது. விக்கிறதுக்கு முதல் நிறம் நிக்குமா எண்டு எப்பிடிப் பாக்கிறது?" – உரும்பிராயிலிருந்து ஒரு தங்கச்சி

தங்கச்சி, வெங்காயத்தோலில் பிழை இல்லை, உப்பையும் வினாகிரியையும் நம்பியதுதான் பிழை. இரண்டுமே இந்தச் சாயத்தைப் பருத்தியோடு கட்டிவைக்காது. வெங்காயத்தோலின் மஞ்சள் துணியில் நிற்க நடுவில் ஓர் உலோகம் வேண்டும், அதற்குத்தான் படிகாரம். கம்பளியும் பட்டும் படிகாரத்தைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியில்லை, படிகாரக் கரைசலில் ஊறவைத்தாலும் அலசும்போது பெரும்பகுதி கழுவுப்பட்டுப் போய்விடும். ஆகவே பருத்திக்கு முதலில் துவர்ப்பு ஏற்ற வேண்டும், துவர்ப்பு படிகாரத்தைப் பிடிக்கும், படிகாரம் சாயத்தைப் பிடிக்கும். எங்கள் கடற்கரைகளில் சாயவேர் தோண்டி ஏற்றுமதியான காலத்தில் அந்தச் சிவப்பைத் துணியில் நிறுத்தியதும் கடுக்காயும் படிகாரமும் சேர்ந்துதான்.

துவர்ப்புக்குக் கடுக்காய் வாங்கலாம். ஆனால் கழிவிலிருந்தே செய்யவேண்டும் என்றால் ஜூஸ் கடைகளில் எறிகிற மாதுளம் தோலைக் கேட்டு வாங்கிக் காயவையுங்கள், அது நன்றாக வேலை செய்யும், தன் பங்குக்குக் கொஞ்சம் மஞ்சளும் தரும்.

200 கிராம் உலர்ந்த துணிக்குக் கணக்குச் சொல்கிறேன். புதுப் பருத்தியில் மெழுகும் கஞ்சியும் இருக்கும், அவை போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். ஐந்தாறு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, கொஞ்சம் சவர்க்காரமும் சீவிப் போட்டு, துணியை ஒரு மணித்தியாலம் அவியுங்கள். வெள்ளைத் துணியிலிருந்தும் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும், பார்த்துப் பயப்பட வேண்டாம், போகவேண்டியதுதான் போகிறது. அலசிவிட்டு, 60 கிராம் காய்ந்த மாதுளம் தோலை அவித்து வடித்த வெந்நீரில் அந்தத் துணியை இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிழிந்தால் போதும், அலசக் கூடாது. 30 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, துணி மூழ்குமளவு தண்ணீர் சேர்த்து, இன்னுமோர் இரவு அதில் கிடக்கட்டும். மறுநாள் இலேசாக ஒருமுறை அலசிச் சாயப்பானைக்குக் கொண்டுபோகலாம்.

சாயத்துக்குக் காய்ந்த வெங்காயத்தோலும் துணியின் நிறையளவு, அதாவது 200 கிராம். தோல் காற்றுப் போல இருப்பதால் அது பெரிய பை நிறைய வரும். இரும்புப் பானை வேண்டாம், நிறத்தைக் கறுப்பாக்கிவிடும், எவர்சில்வர் நல்லது. மெல்லிய சூட்டில் ஒரு மணித்தியாலம் அவித்து வடித்து, ஆறியபிறகு ஈரத்துணியைப் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். கொதிக்கவிடாமல் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். பிறகு தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசவேண்டும். உங்கள் வெள்ளைச் சட்டையில் பட்டது கட்டுப்படாமல் மேலே கிடந்த சாயம். அதை நீங்களே அலசி எடுக்காவிட்டால் வாங்குகிறவரின் சட்டை எடுக்கும்.

இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படையாகத் திரைவதைத் தினமும் பார்க்கிறோம். அந்தப் படை துணியில் ஒட்டினால் சாயம் அங்கே ஏறாது, சின்ன வெங்காயத்தின் சிவப்புத் தோலும் அந்தத் தண்ணீரில் மங்கிய பச்சை, பழுப்புப் பக்கம் சாயும். சாயப்பானைக்கு மட்டுமாவது மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

சரி, இனிச் சோதனை. ISO 105-C10 என்ற சர்வதேச முறையில் லீற்றருக்கு 5 கிராம் சவர்க்காரம், 40 பாகை சூடு, 30 நிமிடம், துணியின் நிறையைப்போல் 50 மடங்கு கரைசல் என்று ஒரு படி இருக்கிறது. அதை ஒட்டி வீட்டிலேயே செய்யலாம். ஒரே துணியில் மூன்று மாதிரி செய்யுங்கள்: ஒன்று வெறுமனே சாயம் போட்டது, ஒன்று படிகாரம் மட்டும், ஒன்று துவர்ப்பும் படிகாரமும். ஒவ்வொன்றிலும் 20 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் தோய்க்காமல் இருட்டில் எடுத்துவையுங்கள். மற்றதோடு அதே அளவு வெள்ளைப் பருத்தித் துண்டை ஓரத்தில் தைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 6 கிராம் வரும், அதற்கு 300 மில்லிலீற்றர் கரைசல், ஒவ்வொரு மாதிரியும் தனித்தனிப் போத்தலில். 100 கிராம் சவர்க்காரக் கட்டியை 20 சமதுண்டாக்கினால் ஒரு துண்டு 5 கிராம். அதை ஒரு லீற்றரில் கரைத்தால் மூன்று போத்தலுக்கும் காணும். நிறம் வெளுக்கும் மருந்தோ வெண்மை ஏற்றும் பொருளோ கலந்த சலவைத்தூள் வேண்டாம், முடிவைக் குழப்பும். வெப்பமானி இல்லாவிட்டால், ஒரு கோப்பை கொதிநீருக்கு ஐந்து கோப்பை கிணற்றுத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 40 வந்துவிடும், போத்தல்களை அதே சூட்டுத் தண்ணீர் உள்ள வாளிக்குள் நிறுத்தி 30 நிமிடம் இடைக்கிடை குலுக்குங்கள். பிறகு அலசி, வெள்ளைத் துண்டைப் பிரித்து, நிழலில் காயவைத்து, எடுத்துவைத்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மின்விளக்கில் மஞ்சளை மதிப்பிட முடியாது.

பார்க்கும்போது வெள்ளையில் நிறம் பட்டதா, சாயத்துணி வெளிறியதா என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெள்ளைத்துண்டில் நிறம் ஏறியிருந்தால், கட்டுப்படாத சாயம் மிச்சம் இருக்கிறது, இன்னும் அலசவேண்டும். வெள்ளை சுத்தமாக இருந்தும் சாயத்துணி வெளிறியிருந்தால், பிடிமானம் காணாது, துவர்ப்பையும் படிகாரத்தையும் திரும்பப் பாருங்கள். வெள்ளையும் சுத்தம், கரைசலும் தெளிவு, ஆனால் சாயத்துணி மட்டும் பழுப்புப் பக்கம் போயிருந்தால், அது சவர்க்காரக் காரத்தின் வேலையாக இருக்கலாம். ஒரு மூலையை மிக இலேசான வினாகிரித் தண்ணீரில் நனையுங்கள், பழைய நிறம் திரும்பினால் சாயம் போகவில்லை என்று அர்த்தம். மூன்று மாதிரிகளையும் பக்கத்தில் வைத்தால் வெறுமனே சாயம் போட்டதுதான் அதிகம் வெளிறியிருக்கும், உங்கள் பைகளுக்கு நடந்ததும் அதுதான்.

ஒரு சோதனையோடு நிறுத்தாமல், அதே துண்டை ஐந்து தோய்ப்பு வரை கொண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் சின்னத் துண்டு வெட்டி ஒட்டி வையுங்கள். பெரும்பாலும் முதல் தோய்ப்பில்தான் அதிகம் இறங்கும், இரண்டாவதிலிருந்து மாற்றம் சுருங்கவேண்டும். ஐந்தாவதிலும் அதே அளவு இறங்கினால் அந்தத் தொகுதியை விற்காதீர்கள்.

தோய்ச்சலில் தேறினாலும் வெயிலில் இந்த மஞ்சள் பலவீனம். ஒரு துண்டின் பாதியைத் தடித்த மட்டையால் மூடி வெயில் படும் யன்னலில் இரண்டு கிழமை வைத்தால் உங்களுக்கே தெரியும். பைக்கு, கைக்குட்டைக்குச் சரி, யன்னல் சீலைக்கு வேண்டாம். விற்கும் பையோடு, "நிழலில் உலர்த்தவும், முதல் இரு தோய்ப்பு தனியாக" என்று ஒரு சிட்டையும் வையுங்கள்.