சதுர அடிக் கணக்கு சரிவு நிலத்தில் ஏன் தவறுகிறது?

மக்களே, சிவில் முடித்துவிட்டு எஸ்டிமேஷன் வேலைக்கு நேர்காணல் போன இடத்தில், "அனலாகஸ், பாராமெட்ரிக், பாட்டம்-அப் என்ற மூன்று செலவுக் கணிப்பு முறைகளில் எது சிறந்தது?" என்று கேட்டார்களாம். நீ "பாட்டம்-அப்" என்று சொல்லிவிட்டு வந்தாய். பாதிதான் சரி. திருவட்டாறு பக்கம் ரப்பர் போட்டிருந்த சரிவு நிலத்தில் 1200 சதுர அடியில் ஒரு வீடு கட்டுவதாக வைத்துக்கொள். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

முதல் நாள் வரைபடமே இல்லை. முன்பு கட்டிய ஒரு வீட்டின் செலவை வைத்துக் கணிக்கும் அனலாகஸ்தான் கைகொடுக்கும். நாகர்கோவிலில் சில வருடம் முன்பு 1000 சதுர அடி வீட்டுக்கு 20 லட்சம் ஆனது. பரப்புக்கு ஏற்றால் 24, விலையேற்றம் 15 சதவீதம் சேர்த்தால் 27.6 லட்சம். வங்கிக் கடன் எவ்வளவு வேண்டும் என்று யோசிக்க இது போதும்.

பரப்பு முடிவானதும், அதைச் சதுர அடி விலையால் பெருக்கும் பாராமெட்ரிக். சதுர அடிக்கு 2350 ரூபாய் என்றால் 28.2 லட்சம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டதே என்று நிம்மதி வரும். இங்கேதான் ஏமாறுகிறோம். அந்தச் சதுர அடி விலையும் சமதள வீடுகளிலிருந்து எடுத்ததுதான். ஒரே ஊற்றிலிருந்து வந்த இரண்டு எண்கள் ஒன்றையொன்று சரிபார்க்காது. ஆகவே யாராவது சதுர அடி விலை சொன்னால், "எந்த மாதிரி வீடுகளின் கணக்கு இது?" என்று கேள். தரைத்தளம் மட்டும் உள்ள 1200 அடியும், மேலும் கீழுமாக 600-600 அடியும் ஒன்றல்ல. முன்னதற்கு அஸ்திவாரமும் கூரையும் ஏறக்குறைய இரட்டிப்புப் பரப்பில் வரும்.

வரைபடமும் நிலத்தின் மேடுபள்ள மட்ட அளவும் கிடைத்த பிறகு பாட்டம்-அப். மண் தோண்டுவது, கான்கிரீட், கம்பி, செங்கல், பூச்சு என்று ஒவ்வொன்றாக அளவெடுத்து விலையால் பெருக்குகிறாய். அப்போதுதான் சரிவின் தாங்குசுவர் கண்ணில் படும்: 15 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், சராசரி 75 செ.மீ. தடிமன், ஆக 22.5 கன மீட்டர் கருங்கல் கட்டுமானம். கன மீட்டருக்கு 6000 ரூபாய் என்றாலும் 1.35 லட்சம். பள்ளப் பக்கம் அஸ்திவாரத்தை உயர்த்தி மண் நிரப்ப இன்னொரு ஒன்றரை லட்சம். மற்ற வேலைகள் அந்த 28.2 லட்சத்துக்கே வந்தாலும், மொத்தம் 31 லட்சத்தைத் தொடும்.

பாட்டம்-அப்பிலும் ஓட்டை உண்டு. விட்டுப்போன வேலைக்குப் பட்டியலில் வரியே இருக்காது. சாரம், சேதாரம், சரிவில் ஜல்லி சுமக்கும் கூலி எல்லாம் அப்படி நழுவும். அதனால் அது பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். அதைப் பிடிக்கத்தான் பழைய சதுர அடிக் கணக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சரிவு நிலத்துக் கணக்கு சமதள விலையைவிடக் குறைவாக வந்தால், ஏதோ ஒரு வரி காணாமல் போயிருக்கிறது.

அடுத்த நேர்காணலுக்கு முன் உன் வீட்டையே டேப் வைத்து அளந்து ஓர் எஸ்டிமேட் போடு. அப்பா கட்டியபோது எழுதிவைத்த செலவு நோட்டு இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்.